இரண்டு விநாடிக்குக் கீழே

முபீனா கடலூர் முதுநகரில் பிறந்து, முதுநகரிலேயே வாக்கப்பட்டு, எட்டு வருடம் சிதம்பரத்துக்குப் போய்வந்து வேலை பார்த்தவள். பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்திருந்தாள். 2004 ஜூலையில், சிதம்பரத்துக்குச் சற்று வடக்கே வயல்களுக்கு நடுவில் எழும்பியிருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரி அவளை லேப் இன்ஸ்ட்ரக்டராக எடுத்துக்கொண்டது.

முதல் நாளே கன்ட்ரோல் லேபைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடி உடைந்து புறா உள்ளே வந்து குடித்தனம் நடத்தியிருந்தது. மேசைகளில் எச்சம். கருவிகளின் மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படவில்லை. அங்கீகாரக் குழு பார்வைக்கு வந்த அன்று வரிசையாக வைத்துக் காட்டியவை அவை. குழு சாப்பிட்டுவிட்டுப் போனது, கதவு பூட்டப்பட்டது. ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றியபோது உள்ளே காய்ந்துபோன பல்லி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் காட்றதுக்கு வாங்கினதும்மா, ஓட்றதுக்கு இல்ல," என்றார் அட்டெண்டர் பழனிவேல். ஐம்பது வயதுக்காரர், லேபின் ஒரே சாவி அவரிடம்தான்.

"ஓட்டித்தான் பாப்பமே," என்றாள் முபீனா.

அந்தக் கருவிகளில் ஒன்று நீளமான தண்டவாளம். இரண்டு மீட்டர் எஃகுக் கம்பிகளின் மேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்ன வண்டி. ஒரு முனையில் மோட்டார், பல் வைத்த பெல்ட்டால் வண்டியை இப்படியும் அப்படியும் இழுக்கும். வண்டி எங்கே நிற்கிறது என்பதை மோட்டாரின் சுற்றை எண்ணும் ஒரு கருவி கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பழனிவேலும் அவளும் நான்கு நாள் கழுவித் துடைத்தார்கள். மின்சாரம் கொடுத்தால் வண்டி கிளம்பியது, ஆனால் புத்தகத்தில் இருந்த மாதிரி ஓடவில்லை. மூன்று வாரம் மல்லுக்கட்டிய பிறகுதான் கண்டுபிடித்தாள்: மோட்டாருக்கு மின்சாரம் தரும் ஆம்பிளிஃபயரை வாங்கிய நாளிலிருந்து வோல்டேஜ் முறையில் விட்டுவைத்திருந்தார்கள். அதைக் கரண்ட் முறைக்கு மாற்றினாள். அதற்குப் பிறகு எவ்வளவு கரண்டோ அவ்வளவு இழுவிசை, எவ்வளவு இழுவிசையோ அவ்வளவு முடுக்கம். முடுக்கம் சேர்ந்து சேர்ந்து வேகமாகிறது, வேகம் சேர்ந்து சேர்ந்து தூரமாகிறது. இரண்டு முறை சேர்வதால் அதற்கு டபுள் இன்டக்ரேட்டர் என்று பெயர்.

ஆம்பிளிஃபயரின் குமிழை இரண்டு ஆம்பியரில் வைத்தால், வண்டியின் முடுக்கம் விநாடிக்கு விநாடி அரை மீட்டர். அதற்கு மேல் அதனால் முடியாது. இப்போது கேள்வி இதுதான். அரை மீட்டர் தள்ளியிருக்கும் ஓர் இடத்துக்கு வண்டி போய், ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியும்?

விடை கேட்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும். பாதி அழுத்தம், கால் அழுத்தம் என்ற பேச்சே கூடாது. இருக்கிற பலம் முழுவதையும் போட்டுத் தள்ள வேண்டும். ஓர் இடம் வந்ததும், அதே பலம் முழுவதையும் திருப்பிப் போட்டு நிறுத்த வேண்டும். திருப்புவது ஒரே ஒரு முறை. சீக்கிரம் திருப்பினால் வண்டி பாதியிலேயே நின்றுவிடும், தாமதித்தால் தாண்டிப் போய்விடும். எப்போது திருப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோடு போட்ட தாளில் குறுக்கே போகவேண்டிய தூரத்தையும், நெட்டுக்கு வேகத்தையும் வைத்து, ஒவ்வொரு வேகத்துக்கும் முழு பிரேக்கில் நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கும் என்று புள்ளி வைக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. புள்ளிகளைச் சேர்த்தால் வளைந்து இறங்கும் ஒரு கோடு வரும். எதிர்த் திசைக்கு அதன் தலைகீழ். இரண்டும் நடுப்புள்ளியில் கூடும். ஸ்விட்சிங் கர்வ் என்பார்கள். வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் கணினி பார்த்தால் போதும். இந்தப் பக்கமென்றால் முழு முன்னோக்கு, அந்தப் பக்கமென்றால் முழு பின்னோக்கு. இந்த முறைக்குப் பேங்-பேங் என்று பெயர்.

முதலில் அவள் மோட்டாரோடு வந்த தாளில் போட்டிருந்த முடுக்கத்தை நம்பிக் கோடு வரைந்தாள். அந்தத் தாள் கொஞ்சம் பெருமையடித்திருந்தது. பிரேக் தாமதமாகி வண்டி தாண்டித் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. பிறகு முடுக்கத்தைத் தானே அளந்து கோட்டை மாற்றினாள். கடைசி நான்கு மில்லிமீட்டரில் வண்டி குளிர்காய்ச்சல் கண்டவன் பல் மாதிரி கடகடத்தது. அந்த இடத்தில் மட்டும் மென்மையான கட்டுப்பாட்டுக்கு மாற்றிவிட்டாள். 2005 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி பாய்ந்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, குறிக்கோட்டின் மேல் வந்து சிலையாக நின்றது. 2.06 விநாடி. கணக்குப்படி சரியாக இரண்டு. மிச்சம் ஆறு சதவிநாடி உராய்வுக்கும் கணினி யோசிக்கிற நேரத்துக்கும் போனது.

"இன்னும் வேகமா போவாதாம்மா?" என்று கேட்டார் பழனிவேல்.

"ரெண்டு ஆம்பியர்ல இந்த உலகத்துல எவனாலயும் ரெண்டு செகண்டுக்குக் கீழ கொண்டாற முடியாதுண்ணே. கணக்கு அப்படி."

அதற்குப் பிறகு வருடா வருடம் மாணவர்கள் அதில் பரிசோதனை செய்தார்கள். எந்த நாள், எத்தனை ஆம்பியர், எத்தனை விநாடி என்று ஒவ்வொரு ஓட்டத்தையும் அவள் ஒரு நீல நோட்டில் எழுதினாள். அந்த நோட்டில் மட்டும் பொய் இல்லை. மற்றதில் இருந்தது. அங்கீகாரக் குழு வரும்போதெல்லாம் நடக்காத பரிசோதனைகளுக்கு, பழைய தேதி போட்டு, பொம்பளை ஊழியர்கள் எல்லாரையும் உட்கார வைத்து ரெக்கார்டு எழுதச் சொல்வார்கள். அவளும் எழுதினாள். எழுதிவிட்டு பஸ்ஸில் வரும்போது கையைப் புர்காவில் துடைத்துக்கொண்டே வருவாள். ஆனாலும் மறுமுறை எழுதினாள்.

துறைத் தலைவர் சபாபதிக்கு மேசையில் எப்போதும் தின்பண்டம் இருக்க வேண்டும். போண்டாவைப் பிட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுவார். அவரிடமிருந்து வரும் தாள் எதுவானாலும் ஓரத்தில் எண்ணெய் விரல் பதிந்திருக்கும். அவருக்குக் கீழே 2008-இல் செம்பியன் என்ற விரிவுரையாளர் பிஎச்டிக்குப் பதிந்தான். பண்ருட்டிப் பக்கத்துப் பையன், முப்பது வயது, வாயைத் திறந்தால் பவ்யம். "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருவான். அவனுடைய ஆராய்ச்சி, அந்தத் தண்டவாள வண்டிக்குப் புதியதொரு கன்ட்ரோலர் செய்வது. இன்டெலிஜென்ட், அடாப்டிவ் என்று அதற்கு நான்கு அடைமொழி இருந்தது. வண்டியை ஓட்டிக் கொடுத்தது முபீனா. அவன் புரோகிராமில் ஓடும்போது 2.2, 2.3 விநாடி வரும். மோசம் என்று சொல்ல முடியாது. மென்மையாகப் போய் மென்மையாக நிற்கும்.

"பேங்-பேங்கவிடக் கம்மியா வரணும்க்கா. சார் விடமாட்டேங்கறாரு."

"எப்படி சார் வரும்? அதான் மினிமம்னு நீங்களே கிளாஸ்ல எழுதிப் போடறீங்களே."

அவன் சிரித்து மழுப்பினான்.

2010 மார்ச்சில் நாத்தனார் கல்யாணத்துக்கு முபீனா மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். திரும்பி வந்தபோது ஆம்பிளிஃபயரின் குமிழ் மூன்று ஆம்பியரில் இருந்தது. ஏதோ மாணவன் திருகிவிட்டான் என்று நினைத்தாள். இரண்டுக்குத் திருப்பி வைத்துவிட்டு, "குமிழ் 3-இல் இருந்தது, சரிசெய்தேன்" என்று நீல நோட்டில் ஒரு வரி எழுதினாள். அதோடு மறந்தும் போனாள்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் செம்பியன் கட்டு போட்ட ஆய்வேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"ஒரு சின்ன சைன் மட்டும்க்கா. எக்ஸ்பெரிமென்ட் எல்லாம் உங்க முன்னாடி, ஒரே கண்டிஷன்ல நடந்துச்சுன்னு."

"படிச்சிட்டுப் போடறேன் சார்."

"படிக்கிறதுக்கு என்னக்கா இருக்கு அதுல," என்றான். முகத்தில் சட்டென்று வியர்வை அரும்பியது.

ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து புரட்டினாள். நாலாவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு புகைப்படம். தண்டவாளம், வண்டி, வண்டியைப் பிடித்திருக்கும் ஒரு கை. அவள் கைதான். மணிக்கட்டோடு வெட்டிவிட்டிருந்தார்கள், புர்காவின் கறுப்பு ஓரம் ஒரு விரற்கடை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஆம்பிளிஃபயரைக் கரண்ட் முறையில் ஏன் வைக்க வேண்டும் என்று விளக்கம். மாணவர்களுக்காக அவள் எழுதியது, அவள் செய்த ஒரு எழுத்துப் பிழை உட்பட. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்போது அந்த அட்டவணை வந்தது.

இரண்டு கன்ட்ரோலருக்கும் எல்லை இரண்டு ஆம்பியர். தூரம் அரை மீட்டர். பேங்-பேங்: 2.07 விநாடி. முன்மொழியப்படும் கன்ட்ரோலர்: 1.71 விநாடி. முன்னேற்றம் பதினேழு சதவீதம்.

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த பக்கத்தில் வண்டி போன பாதையை, தூரமும் வேகமுமாக, கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். கைப்பையிலிருந்து பிள்ளையின் ஸ்கேலை எடுத்து பஸ் குலுக்கலில் அளந்தாள். அரை மீட்டர் முடுக்கத்தில் பத்து சென்டிமீட்டர் கடந்திருக்கும்போது வேகம் விநாடிக்கு முப்பத்திரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எந்தக் கன்ட்ரோலரானாலும் சரி. முழுசாகத் தள்ளினால் அவ்வளவுதான் வரும். படத்தில் முப்பத்தொன்பது இருந்தது. திருப்பிக் கணக்குப் போட்டாள். முடுக்கம் அரையல்ல, முக்கால். இரண்டு ஆம்பியர் அல்ல, மூன்று.

மார்ச் மாதத்துக் குமிழ் அப்போது ஞாபகம் வந்தது.

மூன்று ஆம்பியருக்குக் குறைந்தபட்ச நேரம் என்னவென்றும் போட்டுப் பார்த்தாள். 1.63. அதாவது, அதே மூன்றை பேங்-பேங்குக்கும் கொடுத்திருந்தால் அது செம்பியனின் கன்ட்ரோலரை அப்போதும் ஜெயித்திருக்கும். ஒருத்தன் காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைத்திருக்கிறார்கள். நன்றியுரைப் பக்கத்தில், "தாயுள்ளத்தோடு ஒத்துழைத்த சகோதரி முபீனா" என்றிருந்தது. ஏட்டை மூடிக் கைப்பையில் திணித்தாள். ஆலப்பாக்கத்தில் பஸ் நின்றபோது இறங்கி, வேலியோரம் கொஞ்ச நேரம் காற்றாட நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி வீடு போனாள்.

அவள் கணவன் முஹம்மது ஆசிக் முதுநகரில் பேட்டரிக் கடை வைத்திருந்தான். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சைன் போடாத. அவ்வளவுதானே? மத்தபடி நமக்கென்ன?" என்றான்.

"என் கைய வெட்டி ஒட்டியிருக்கானுங்க மச்சான். அந்தக் கையாலதான் குமிழத் திருப்பி வெச்சேன்."

மறுநாள் செம்பியனிடம் கேட்டாள். அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது.

"ஆமாக்கா, மூணுல ஓட்னேன். சார்தான் ஓட்டச் சொன்னாரு. ரெண்டுன்னு எழுதினதும் அவர்தான். எல்லாருமே இப்படித்தான்க்கா பண்றாங்க. யாரு ஸ்கேல் வெச்சு அளக்கப் போறா?"

"நான் அளந்தேனே."

"நீங்க... நீங்க படிப்பீங்கன்னு நெனைக்கல."

சபாபதி அவளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. ஆய்வேட்டின் மேல் தட்டு, தட்டில் மிளகாய் பஜ்ஜி.

"ஆப்டிமம்ங்கறது தியரிம்மா. நம்ம கன்ட்ரோலர் தியரியத் தாண்டிடுச்சு. அதுக்குப் பேருதான் ரிசர்ச். டிப்ளமா படிச்சவங்களுக்கு இது புரியறது கொஞ்சம் கஷ்டம்."

"அப்ப ரெண்டு ஆம்பியர்ல ஓட்டிக் காட்டுங்க சார். நானே சைன் போடறேன்."

அவர் மென்றுகொண்டே அவளைப் பார்த்தார். "போன இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாப்பது ரெக்கார்டு எழுதினியே, அதெல்லாம் நீ ஓட்டிப் பார்த்தா எழுதின? உன் கையெழுத்து எல்லாத்துலயும் இருக்கு. எடுத்துக் காட்டவா?"

அவர் சொன்னது நிஜம். அந்த ஆள் வாயிலிருந்து தன்னைப் பற்றிய நிஜம் வந்தது எண்ணெய் கையால் கன்னத்தைத் தடவியது போலிருந்தது. லேபுக்குப் போய் முகத்தைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். கையெழுத்துப் போடவில்லை. அவர்களும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. விஷயம் அதோடு நின்றது என்றுதான் நினைத்திருந்தாள்.

டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. கடலூரே மொட்டையாக நின்றது, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆசிக் கடையின் தகரக் கூரை எங்கே போயிற்று என்று கடைசிவரை தெரியவில்லை. பிப்ரவரியில் அவள் மறுபடி வேலைக்குப் போனபோது அறிவிப்புப் பலகையில் செம்பியனின் பிஎச்டி வாய்மொழித் தேர்வுக்கான அறிவிப்பு ஒட்டியிருந்தது. அனைவரும் வந்து கேள்வி கேட்கலாம். பழனிவேல் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, ஆபீஸில் நகல் எடுக்கக் கொடுத்த ஆய்வேட்டைக் காட்டினார். சான்றிதழ்ப் பக்கத்தில் அவள் கையெழுத்து இருந்தது. அவள் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் இரண்டு 'e'யில் ஒன்று குறைந்திருந்தது. ஏட்டின் ஓரத்தில் வழக்கமான எண்ணெய் விரல்.

"பேரக்கூட ஒழுங்கா எழுதத் தெரியல பாரும்மா," என்றார் பழனிவேல்.

தேர்வன்று கருத்தரங்கக் கூடம் மல்லிகைப்பூவும் கேட்டரிங் சாம்பாருமாக மணத்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வெள்ளைச் சட்டை போட்ட மெலிந்த மனிதர், ஊர் தூரம், பேச்சு மிருது. செம்பியன் முக்கால் மணி நேரம் படம் காட்டினான். தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் சம்பிரதாயம். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்து கேட்கிற தோரணை. சபாபதி அதற்குள் சால்வையைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்.

கடைசி வரிசையில் முபீனா எழுந்தாள்.

"ரெண்டு ஆம்பியருக்கு அக்சிலரேஷன் எவ்வளவு சார்?"

செம்பியன் தண்ணீர் குடித்தான். "அரை மீட்டர்... பெர் செகண்ட் ஸ்கொயர்."

"அதுல அரை மீட்டர் போய் நிக்கறதுக்கு மினிமம் டைம்?"

மாணவர்களுக்கே தெரியும். முன் வரிசையில் யாரோ ஒரு பெண் தன்னையறியாமல் "டூ செகண்ட்ஸ்" என்று முணுமுணுத்தாள்.

"ரெண்டு," என்றான் செம்பியன்.

"அப்ப உங்க டேபிள்ல ஒண்ணு புள்ளி ஏழு ஒண்ணு எப்படி வந்துச்சு?"

சபாபதி எழுந்தார். "ஃப்ரிக்‌ஷன் இருக்கும்மா. பிரேக் போடறப்ப ஃப்ரிக்‌ஷனும் ஹெல்ப் பண்ணும். பிராக்டிகல் சிஸ்டம் இது."

"நிறுத்தறப்ப உதவறது கிளம்பறப்ப புடிச்சு இழுக்கும் சார். கூட்டிப் பார்த்தா ரெண்டுக்கு மேலதான் போவும், கீழ வராது. பேங்-பேங்குக்கு ரெண்டு புள்ளி பூஜ்யம் ஏழு வந்ததே அதனாலதான்."

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏட்டைத் திறந்தார். அப்போதுதான் முதல்முறையாகத் திறக்கிறார் என்பது அவர் பக்கங்களைப் புரட்டிய விதத்திலேயே தெரிந்தது. படத்தைப் பார்த்தார். ஓரத்தில் பென்சிலால் ஏதோ போட்டார். "பார்க்கலாமே. கருவி இங்கதானே இருக்கு?" என்றார்.

"கரண்ட் இல்ல சார். பவர்கட்," என்றார் சபாபதி.

"ஜெனரேட்டர் ஓடுது சார். நான் ஒயர் இழுத்தாறேன்," என்று கதவோரத்திலிருந்து பழனிவேல் சொன்னார். பதினைந்து வருட சேவையில் அவர் ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்தது அன்றுதான்.

லேபில் கூட்டம் நெருக்கியது. குமிழ் இரண்டு ஆம்பியரில் இருப்பதைத் தேர்வாளர் குனிந்து பார்த்துக்கொண்டார். முதலில் செம்பியனின் புரோகிராம். வண்டி வழுக்கிப் போய் நின்றது: 2.24. அடுத்து பேங்-பேங். பாய்ச்சல், வெட்டு, நிற்பு: 2.06. முபீனா யாரையும் கேட்காமல் குமிழை மூன்றுக்குத் திருகி, கோட்டையும் அதற்கேற்ப மாற்றினாள். செம்பியனுடையது 1.71. அட்டவணையில் இருந்த அதே எண்ணைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பேங்-பேங் 1.68.

நீல நோட்டைத் திறந்து மார்ச் மாதத்து வரியைக் காட்டினாள். சான்றிதழ்ப் பக்கத்தைக் காட்டி, "இது என் கையெழுத்து இல்ல," என்றாள்.

தேர்வாளர் நீண்ட நேரம் வண்டியையே பார்த்தார். "வெரி நைஸ் செட்-அப்," என்றார். பிறகு சபாபதியோடு அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அரை மணி நேரம். ஒருமுறை கதவு திறந்து காபி உள்ளே போனது. வெளியே வந்ததும் தேர்வாளர் கூடத்துக்குத் திரும்பி, தாளைப் பார்த்து வாசித்தார். சிறு திருத்தங்களுக்கு உட்பட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. கைத்தட்டல். சால்வை. பழக்கூடை. செம்பியனின் அம்மா அழுதாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

முபீனா போய்விடத்தான் பார்த்தாள். சாப்பாட்டுக் கூடத்தின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். சபாபதி வாயில் சோற்றோடு எழுந்து நின்று அவள் பக்கம் கையை நீட்டினார். "நம்ம முபீனா மேடம்! எவ்வளவு நல்ல கொஸ்டின் கேட்டாங்க பாத்தீங்களா? வாய்மொழித் தேர்வுன்னா இப்படித்தான் இருக்கணும். நம்ம டிபார்ட்மென்ட்ல லேப் ஸ்டாஃப் கூட அந்த லெவல்ல இருக்காங்க!" தேர்வாளர் தலையாட்டினார். எல்லாரும் கைத்தட்டினார்கள். பாயசக் கைகளைத் தட்டியதில் இலைகளில் பாயசம் தெறித்தது. யாரோ அவள் கையில் ஒரு மைசூர்பாகை வைத்து அழுத்தினார்கள், நெய் விரலிடுக்கில் வழிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் கேட்டதையும் இலையில் போட்டு, பிசைந்து, சாப்பிட்டுவிட்டார்கள்.

பக்கத்துத் தூணோரம் தேர்வாளர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் அவரிடமே போனாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு இல்ல சார்?"

அவர் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார். "அந்தப் பையனுக்குக் குடும்பம் இருக்கும்மா. டேபிளை எடுக்கச் சொல்லியிருக்கேன். நீங்க நல்லா படிச்சிருக்கீங்க. மேல படிங்க."

சபாபதியிடம்கூட அவளுக்கு அவ்வளவு அருவருப்பு வரவில்லை. அந்த மனிதருக்கு வேறெதுவும் தெரியாது. இவருக்குக் கோடு தெரியும், அளக்கத் தெரியும், வண்டி நின்ற அழகு கண்ணில் பட்டது. பட்டும், விரலைத் துடைத்துக்கொண்டு இப்படிப் பேச முடிகிறது.

திருத்திய ஏட்டிலிருந்து அட்டவணையும் படமும் போயின. முடிவுரையில் "முன்மொழியப்பட்ட கன்ட்ரோலர் மேம்பட்டதாகக் காணப்பட்டது" என்ற வரி அப்படியே இருந்தது. சான்றிதழ்ப் பக்கமும் இருந்தது. முபீனா நீல நோட்டின் பக்கங்களையும் தன் உண்மையான கையெழுத்தையும் நகலெடுத்துப் பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். கடிதத்தில், அங்கீகாரக் குழுக்களுக்காகத் தான் எழுதிய பொய் ரெக்கார்டுகளைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தாள். ஆசிக் அதைப் படித்துவிட்டு, "இது எதுக்கு? உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கறியா?" என்றான்.

"அத எழுதாம மத்தத எழுதக் கை கூசுது மச்சான்."

இரண்டு மாதம் கழித்து, கடிதம் பெறப்பட்டது என்று ஒரு வரி வந்தது. அதற்குள் அவளைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறையில் விடைத்தாள் உறைகளைக் கோந்து தடவி ஒட்டும் வேலை. தண்டவாளத்தைச் சாமான் அறைக்குத் தூக்கிவிட்டதாகவும் பெல்ட்டை எலி கடித்துவிட்டதாகவும் பழனிவேல் வந்து சொன்னார். ஜூன் மாதம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தாள். சபாபதி அதிலும் விரல் பதித்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

பண்ருட்டியில் முந்திரிப் பருப்பைப் பொட்டலம் கட்டும் ஒரு சின்ன ஆலையை ஆரோக்கியம்மாள் என்ற விதவை நடத்திவந்தார். புயலில் மரமெல்லாம் விழுந்து உள்ளூர்ப் பருப்புக்கு வழியில்லாமல், வெளியூர்ப் பருப்பை வரவழைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஆசிக்கிடம் பேட்டரி வாங்க வந்தபோது, தன் மெஷின் நின்றால் பார்க்க ஆளில்லை என்று புலம்பினார். முபீனா போய்ப் பார்த்தாள். பொட்டலத்தைத் தூக்கி நகர்த்தும் தட்டு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி இடித்து, பருப்பைச் சிந்திக்கொண்டிருந்தது. அரை நாள் தட்டின் முடுக்கத்தை அளந்தாள். எந்த வேகத்தில் எங்கே திருப்ப வேண்டும் என்று அட்டவணை போட்டு, அதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏற்றினாள். தட்டு பாய்ந்து, இடிக்காமல் நின்றது. ஆரோக்கியம்மாள் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வெரசா ஓடாதாம்மா?"

"இந்த மோட்டாருக்கு இதுதாங்க. இதுக்கு மேல யாராலயும் முடியாது. முடியும்னு சொல்றவன நம்பாதீங்க. வேகம் வேணும்னா பெரிய மோட்டார் போடணும்."

"அப்ப பெரிசா வாங்கிப் போட்ருவோம்," என்றார் ஆரோக்கியம்மாள். பல வருடம் முந்திரி உடைத்து, அதன் தோலின் பால் பட்டுக் கறுத்திருந்த விரல்களால் ஒரு காகிதத்தைக் கிழித்து நீட்டினார். "எந்த சைசுன்னு எழுதிக் குடு."

முபீனா எழுதிக் கொடுத்தாள். கீழே தேதி போட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.